சயானில் சயனம்: நகைச்சுவைப் பத்தியை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது எப்படி

மும்பைத் தமிழ்ப் பத்திரிகைகளில் வரும் நகைச்சுவைப் பத்திகளை ஆங்கிலத்துக்கு மாற்றும் வேலையைச் சில வருடங்களாகச் செய்து வருகிறேன். புதிதாக இதில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். சிலேடையை எப்படி மொழிபெயர்ப்பது என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்துவிடுகிறார்கள். சிலேடையை மொழிபெயர்க்க முடியாது. அந்தச் சிலேடையால் வாசகர் எந்த இடத்தில் சிரித்தாரோ, ஆங்கிலத்திலும் அந்த இடத்துக்குப் பக்கத்தில் அவரைச் சிரிக்க வைக்க முடியும். வேலை அதுதான். அதை ஒரு பத்தியை வைத்தே காட்டுகிறேன்.

அச்சில் வந்த பத்தியை எடுத்துப்போட எழுதியவரின் அனுமதி வேண்டும். அதனால் அந்தப் பாணியில் நானே ஒன்று எழுதியிருக்கிறேன். பேசுகிறவர் முலுண்டில் குடியிருக்கும் ஒரு தமிழர். விசேஷத்துக்கு வாழை இலை வாங்க லோக்கல் ரயிலில் மாட்டுங்கா போகிறார். வழியில் குர்லா, சயான், மாட்டுங்கா, தாதர் என்று ஸ்டேஷன்கள் வரிசையாக வரும்.

"முலுண்டில் ஏறினேன். நாலாவது சீட்டு கிடைத்தது. குர்லா தாண்டியதும் வண்டிக்குச் சயான் வந்தது, எனக்குச் சயனம் வந்தது. கண்ணைத் திறந்தால் மாட்டுங்கா. கதவுக்கும் எனக்கும் நடுவில் நாற்பது பேர். மாட்டிக்கொண்டேன். பேரிலேயே எச்சரிக்கை இருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. அடுத்தது தாதர். 'தா' என்றும் 'தர்' என்றும் பேரிலேயே இரண்டு தடவை கொடுக்கிற ஊர். ஒரு அங்குலம் வழி கேட்டேன், ஒருத்தரும் தரவில்லை. வாங்கப் போனது வாழை இலை. வீடு வந்தது வாடின இலை, நான்தான்."

பேனாவை எடுப்பதற்கு முன்

முதலில் பத்தியை ஒருமுறை சத்தமாகப் படியுங்கள். சிரிப்பு வரும் இடங்களில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். இதில் நான்கு கோடுகள் விழும்: சயனம், மாட்டிக்கொண்டது, தாதர், கடைசி வரியின் இலை. மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் கிடைத்த நாலாவது சீட்டுக்கு அரைக்கோடு போடலாம். அது வாய்விட்டுச் சிரிக்க வைக்காது, தெரிந்தவர் முகத்தில் ஒரு புன்னகை வரும். இந்தக் கணக்கைத் தனியாக எழுதி வையுங்கள். முடித்த பிறகு ஆங்கிலத்திலும் ஏறக்குறைய இத்தனை கோடுகள் விழ வேண்டும். அவை அதே சொற்களின் மேல் விழ வேண்டும் என்று கட்டாயமில்லை.

அடுத்தது, யாருக்காக எழுதுகிறீர்கள் என்று முடிவு செய்வது. 'ஆங்கில வாசகர்' என்று ஒரே ஆள் கிடையாது. மும்பையில் ஆங்கிலப் பத்திரிகை படிக்கும் ஒரு குஜராத்திக்காரருக்கு நாலாவது சீட்டும் தாதர் கூட்டமும் நம்மைவிட நன்றாகவே தெரியும். தமிழ்தான் தெரியாது. சென்னையில் ஆங்கிலத்தில் படிக்கிறவருக்குத் தமிழ் தெரியும், சயானும் குர்லாவும் எந்த வரிசையில் வருகின்றன என்று தெரியாது. லண்டன் வாசகருக்கு இரண்டும் தெரியாது. மூன்று பேருக்கும் சேர்த்து எழுதப் போனால் ஒவ்வொரு வரியிலும் விளக்கம் ஒட்டிக்கொள்ளும். ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். இங்கே நான் மும்பை வாசகரை எடுத்துக்கொள்கிறேன்.

ஆங்கில வரிகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சிலேடை காதில்தான் வேலை செய்யும்.

சிலேடை எந்த வகை என்று பார்ப்பது

நம் அணியிலக்கணம் சிலேடையை இரண்டாகப் பிரிக்கிறது. சொல் அப்படியே நின்று இரண்டு பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை. சொல்லைப் பிரித்தால் வேறு பொருள் வந்தால் பிரிமொழிச் சிலேடை. மொழிபெயர்ப்பவருக்கு இந்தப் பிரிவு மிகவும் உதவும். செம்மொழிச் சிலேடை சில நேரம் அப்படியே கடந்துபோகும். மரத்துக்கும் வங்கிக்கும் நாம் 'கிளை' என்கிறோம், ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் 'பிராஞ்ச்'தான். அந்த மாதிரி கிடைத்தால் சந்தோஷமாக எடுத்துக்கொள்ளுங்கள். 'தா', 'தர்' என்று பிரிப்பது பிரிமொழி. அது தமிழின் வினைச்சொல்லை நம்பி நிற்பதால் ஆங்கிலத்துக்கு வராது. அதை அங்கேயே விட்டுவிட்டு வேறு வழி தேடலாம். சயான், சயனம் என்பது இரண்டிலும் சேராத வெறும் ஒலி ஒப்புமை. அதில் அதிர்ஷ்டத்துக்குக் கொஞ்சம் இடம் உண்டு.

இப்போது ஒவ்வொரு ஸ்டேஷனாகப் போகலாம்.

சயானில் முதலில் கைக்கு வந்தது 'சை ஆன்', அதாவது பெருமூச்சு விட்டுக்கொண்டே இருப்பது. ஒலி அழகாகப் பொருந்துகிறது. ஆனால் அந்த ஆள் பெருமூச்சு விடவில்லை, தூங்கினார். தூங்கியதால்தான் மாட்டுங்காவில் இறங்க முடியாமல் போகிறது. பெருமூச்சு என்று மாற்றினால் அடுத்த வரிக்குக் காரணம் இல்லாமல் போய்விடும். புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இது. ஒலி கிடைத்த மகிழ்ச்சியில் கதையை இழந்துவிடுவார்கள். அதை ஒதுக்கிவிட்டுத் தூக்கத்துக்கான ஆங்கிலச் சொற்களை ஒரு தாளில் எழுதினேன். டோஸ், நாட் ஆஃப், டிராப் ஆஃப் என்று ஏழெட்டு வந்தன. அப்புறம் தூக்கத்துக்குப் பக்கத்தில் நிற்கும் சொற்களை எழுதியபோது 'சைன் ஆஃப்' வந்தது. வானொலியில் நிகழ்ச்சியை முடித்து விடைபெறுவதைச் சொல்லும் தொடர் அது. 'தி ட்ரெயின் புல்டு இன்டு சயான். ஐ சைன்டு ஆஃப்.' ஒலியும் இருக்கிறது, தூக்கமும் இருக்கிறது. வண்டிக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்ற மூலத்தின் இரட்டை ஓட்டமும் தப்பித்தது.

ஒரு எல்லையும் உண்டு. ஊர்ப் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் இது கேட்கும். ஆங்கில எழுத்தில் அந்தப் பெயரைப் பார்த்தால் வெளியூர்க்காரர் 'சியோன்' என்று படிப்பார், சிலேடை போய்விடும். லண்டன் வாசகருக்கு என்றால் இந்த வரியை நான் வைக்க மாட்டேன்.

மாட்டுங்காவில் எதுவும் கிடைக்கவில்லை. இரண்டு நாள் முயன்றேன். கிடைக்காதபோது சிலேடையை விட்டுவிட வேண்டும், சிரிப்பை விடக்கூடாது. அந்த இடத்தில் உண்மையில் என்ன நடக்கிறது? வண்டி நிற்கிறது, ஆள் இறங்க முடியவில்லை. 'தி ட்ரெயின் ஸ்டாப்டு அட் மாட்டுங்கா. ஐ டிட் நாட்.' சொல் விளையாட்டு எதுவும் இல்லை, வாக்கியம் வெட்டி நிற்பதில்தான் சிரிப்பு. பேரில் எச்சரிக்கை இருக்கிறது என்ற வரி சிலேடையை நம்பி நின்றது, அதை எடுத்துவிட வேண்டும். எடுத்ததை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு இடத்தில் ஈடு செய்ய வேண்டியிருக்கும்.

தாதர்தான் எனக்குப் பிடித்த இடம். மூலத்தில் சிரிப்பு ஊர்ப் பெயரிலிருந்து வருகிறது: பெயர் ஒன்று சொல்கிறது, ஊர் வேறொன்று செய்கிறது. தமிழில் அந்தப் பெயருக்கு ஒரு பொருள் கிடைத்தது போல, மராத்தியில் உண்மையாகவே ஒரு பொருள் இருக்கிறது. தாதர் என்றால் படிக்கட்டு. மத்திய ரயில்வேயும் மேற்கு ரயில்வேயும் சந்திக்கும் அந்த ஸ்டேஷனின் நடைமேம்பாலத்தில் காலை ஒன்பது மணிக்கு ஏறியவருக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. 'தாதர் இஸ் மராத்தி ஃபார் ஸ்டேர்கேஸ். ஐ ஹேவ் நெவர் சீன் எ ஸ்டெப் தேர், ஓன்லி ஃபீட்.' பெயர் சொல்வதும் ஊர் செய்வதும் வேறு வேறு என்ற அமைப்பு அப்படியே இருக்கிறது, பொருள் மட்டும் மாறிவிட்டது. மும்பை வாசகருக்கு மராத்தி ஓரளவு தெரியும் என்பதால் விளக்கமும் உறுத்தவில்லை.

ஆனால் இது மூலத்தில் இல்லாத தகவல். மொழிபெயர்ப்பாளர் புதிதாக ஒரு செய்தியை உள்ளே கொண்டுவந்திருக்கிறார். எழுதியவர் இருந்தால் இப்படிப்பட்ட இடத்தை அவரிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். "ஐயா, உங்கள் தா-தர் ஆங்கிலத்தில் வரவில்லை, அதற்குப் பதில் படிக்கட்டு வைத்திருக்கிறேன், சரியா?" என்று நேராகக் கேட்கலாம். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். சிலர் இன்னும் நல்லதாக ஒன்றைத் தருவார்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எடுத்துவிட வேண்டும், அது அவருடைய பத்தி.

கடைசி வரி. 'வாழை இலை', 'வாடின இலை' என்ற மோனை ஆங்கிலத்தில் வராது. வாடியது என்று நேராகச் சொன்னால் சப்பென்று இருக்கிறது. அப்போதுதான் மாட்டுங்காவில் எடுத்த வரிக்கு இங்கே ஈடு கிடைத்தது. 'ஐ வென்ட் அவுட் ஃபார் எ லீஃப் அண்ட் கேம் ஹோம் பிரெஸ்டு.' கூட்டத்தில் நசுங்கியதும் புத்தகத்துக்குள் வைத்து அழுத்திய இலையும் ஒரே சொல்லில் வந்துவிட்டன. மூலத்தில் இல்லாத சிலேடை இது, மூலத்தின் சிரிப்பு விழும் இடத்திலேயே விழுகிறது. சிலேடை மொழிபெயர்ப்பின் வழிகளை வகைப்படுத்திய பெல்ஜிய ஆய்வாளர் டிர்க் டெலபாஸ்டிட்டாவின் பட்டியலிலும் இந்த வழி உண்டு: ஓரிடத்தில் சிலேடையை விட்டவர் இன்னோரிடத்தில் புதிதாக ஒன்றைச் சேர்க்கலாம். எனக்கு ஒரு கட்டுப்பாடு மட்டும் வேண்டும் என்று தோன்றுகிறது. மூலத்தில் சிரிப்பே இல்லாத இடத்தில், ஆங்கிலத்தில் ஒன்று வசமாக வந்தது என்பதற்காகச் சேர்க்கக்கூடாது. எழுதியவர் வாசகருக்கு மூச்சுவிட இடம் கொடுத்திருக்கிறார். அதை நிரப்பிவிட்டால் அடுத்த சிரிப்பு மங்கிப்போகும்.

உள்ளூர் விஷயங்கள்

நாலாவது சீட்டு. மூன்று பேருக்கான பெஞ்சில் நாலாவதாக ஒருவர் ஓரத்தில் தொற்றிக்கொள்வது. மும்பை வாசகருக்கு 'தி ஃபோர்த் சீட்' போதும், ஒரு சொல்லும் கூட்ட வேண்டாம். வெளியூர் வாசகருக்கு என்றால் அடிக்குறிப்பு போடாதீர்கள். கண் கீழே போய்த் திரும்பி வருவதற்குள் சிரிப்பு ஆறிவிடும். வாக்கியத்துக்குள்ளேயே நாலைந்து சொல்லில் நுழைத்துவிடலாம்: 'தி ஃபோர்த் சீட் ஆன் எ பெஞ்ச் ஃபார் த்ரீ.' விளக்கமும் ஆயிற்று, கேட்பதற்கும் வேடிக்கையாக இருக்கிறது.

எதை விளக்குவது, எதை விடுவது என்று தெரியாவிட்டால் அந்தப் பெயரைக் கையால் மூடிவிட்டு வரியைப் படியுங்கள். பெயர் இல்லாமலும் சிரிப்பு வந்தால் அது வெறும் ஊர் வாசனை. அப்படியே வைக்கலாம், புரியாவிட்டாலும் நஷ்டமில்லை. குர்லா அப்படிப்பட்டது. பெயர் இல்லாமல் சிரிப்பு வரவில்லை என்றால் அதற்கு ஏதாவது செய்தாக வேண்டும்.

விளக்கமே சிரிப்பாகும் இடமும் உண்டு. மும்பைத் தமிழ்ப் பத்திகளில் இந்திக்கும் தமிழுக்கும் நடுவில் விளையாடுவது சாதாரணம். பிளம்பரைக் கூப்பிட்டால் "கல்" என்கிறார். இந்தியில் அது நேற்றும்தான், நாளையும்தான். தமிழில் கல். இதை எழுதியவர் "அவர் சொன்ன கல் மூன்று நாளாக அசையவில்லை" என்று முடித்திருந்தால், ஆங்கிலத்தில் மூன்று பொருளையும் வெளிப்படையாகச் சொல்லலாம்: இந்தியில் 'கல்' நேற்று, நாளை இரண்டும் ஆகும், தமிழில் ஸ்டோன் ஆகும், 'ஹிஸ் டுமாரோ வாஸ் செட் இன் ஸ்டோன்.' இங்கே விளக்கம் உறுத்தாததற்குக் காரணம், அந்த ஆளே இப்படி நின்று விளக்கிப் புலம்பக்கூடியவர் என்பதுதான். விளக்கம் மொழிபெயர்ப்பாளரின் குரலில் வராமல் பத்தியின் குரலில் வருகிறது. நான் சேர்க்கும் ஒவ்வொரு விளக்கத்திலும் இதைத்தான் பார்ப்பேன்: இந்த ஆள் இதைச் சொல்வாரா?

அதே காரணத்துக்காக, மூலத்தில் 'வீட்டுக்காரி' என்று இருந்தால் 'பெட்டர் ஹாஃப்' என்று போடாதீர்கள். 'மை வைஃப்' போதும். தேய்ந்த ஆங்கில வேடிக்கைச் சொல் ஒன்று நுழைந்தாலும் பேசுகிறவர் வேறு ஆளாகிவிடுவார்.

சிரிப்புச் சொல் எங்கே நிற்கிறது

இதில்தான் அதிகம் கெட்டுப்போகிறது. சிலேடை ஒன்றுகூட இல்லாத பத்தியும் இதனால் செத்துப்போகும். தமிழில் வினை கடைசியில் வரும், எச்சங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிவிட்டு இறுதியில் போட்டு உடைக்கலாம். "மூன்று நாள் காத்திருந்து, நாலாவது நாள் லீவு போட்டு, அஞ்சாவது நாள் பிளம்பர் வந்தபோது தண்ணீர் வரவில்லை." குறிப்பிட்ட மணிக்கு மட்டும் தண்ணீர் வரும் கட்டிடங்களில் இருந்தவருக்கு இது நன்றாகப் புரியும். புதியவர் இதை ஆங்கில வாக்கிய அமைப்புக்கு மாற்றும்போது முதன்மை வாக்கியத்தை முன்னால் கொண்டுபோவார். அதாவது, தண்ணீர் வரவில்லை, எப்போது என்றால் பிளம்பர் வந்தபோது, அவர் வந்தது அஞ்சாவது நாள். இலக்கணம் சரி. ஆனால் முடிவு முதலிலேயே வந்துவிட்டது.

இதற்கு மருந்து, வாக்கியத்தை உடைப்பது. மூன்று நாள் காத்திருந்தேன், முற்றுப்புள்ளி. நாலாவது நாள் லீவு போட்டேன், முற்றுப்புள்ளி. 'ஆன் தி ஃபிஃப்த் டே தேர் வாஸ் எ பிளம்பர், பட் நோ வாட்டர்.' வாட்டர் கடைசியில் நிற்கிறது. 'தி பிளம்பர் கேம். தி வாட்டர் டிட் நாட்' என்றும் எழுதலாம், அது இன்னும் கூர்மை. ஆனால் மாட்டுங்காவில் அதே வெட்டை ஏற்கெனவே பயன்படுத்தியாயிற்று. இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் இரண்டாவதை வாசகர் முன்கூட்டியே பிடித்துவிடுவார்.

ஒவ்வொரு சிரிப்பு வாக்கியத்திலும் கடைசிச் சொல்லின் மேல் விரலை வையுங்கள். அது சிரிப்புச் சொல்லாக இல்லை என்றால் வாக்கியத்தைத் திருப்பிப்போட்டுப் பாருங்கள்.

படித்துக் காட்டுவது

வரைவு முடிந்ததும் இரண்டு நாள் தொடாமல் வையுங்கள். பிறகு தமிழ் தெரியாத ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். மாட்டுங்காவில் எங்கள் கட்டிடத்து மேல்மாடியில் இருக்கும் ஒரு குஜராத்தி ஆன்ட்டியிடம்தான் நான் போவேன். மூலத்தைச் சொல்லக்கூடாது, "இந்த இடத்தில் தமிழில் ஒரு ஜோக் இருந்தது" என்றும் சொல்லக்கூடாது. வெறுமனே படியுங்கள், அவர் முகத்தைப் பாருங்கள். தாதர் படிக்கட்டை முதலில் நான் நீளமாக எழுதியிருந்தேன், ஸ்டேஷன் பெயர் வந்த விதமெல்லாம் அதில் இருந்தது. ஆன்ட்டி தலையை ஆட்டி "அச்சா" என்றார். தகவலைக் கேட்டுக்கொண்டதற்கான "அச்சா" அது. அன்று இரவே அதை இரண்டு வாக்கியமாகக் குறைத்தேன். மறுநாள் 'ஓன்லி ஃபீட்' வரும் முன்பே சிரித்துவிட்டார்.

"அதாவது எப்படி?" என்று கேட்டால் அந்த இடம் உடைந்திருக்கிறது. கேட்காமல் மரியாதைக்குப் புன்னகைத்தாலும் உடைந்திருக்கிறது. இரண்டாவதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். எழுந்து வரும்போது எந்த வரி நினைவிருக்கிறது என்று கேட்டால் தெரிந்துவிடும். நான்கு கோடுகளில் குறைந்தது இரண்டு அவர் வாயிலிருந்து வர வேண்டும்.

அனுப்புவதற்கு முன்

அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி மொழிபெயர்க்கும் உரிமை பதிப்புரிமை உடையவருடையது, எழுதியவர் காலமாகி 60 ஆண்டுகள் வரை அது தொடரும். அவர் பத்திரிகையில் சம்பளத்துக்கு இருந்து எழுதியவர் என்றால் உரிமை பத்திரிகையிடம் இருக்கலாம், அதனால் இரண்டு பக்கமும் கேட்டுவிடுவது நல்லது.

நீளத்தையும் முன்கூட்டியே கேளுங்கள். தமிழில் ஒரு சொல்லில் முடிவது ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல் ஆகும். என் அனுபவத்தில் 500 சொல் பத்தி 700 வரை போகிறது. பக்கத்தில் இடம் இல்லாமல் ஆசிரியர் வெட்டினால் பெரும்பாலும் கடைசியிலிருந்து வெட்டுவார், அங்கேதான் 'பிரெஸ்டு' இருக்கிறது. நீங்களே நடுவிலிருந்து வெட்டிக் கொடுத்துவிடுங்கள்.

தலைப்பைக் கடைசியாக வையுங்கள். 'சயானில் சயனம்' ஆங்கிலத்தில் வராது. 'பிரெஸ்டு' என்று வைக்கத்தான் எனக்கு முதலில் ஆசை வந்தது, ஒரே சொல், கச்சிதம். ஆனால் அதைத் தலைப்பில் பார்த்துவிட்ட வாசகர் கடைசி வரியில் சிரிக்க மாட்டார். 'தி ஃபோர்த் சீட்' என்று வைத்து, மாற்றாக இன்னொன்றையும் எழுதி, கடைசி வரியில் வரும் எந்தச் சொல்லையும் தலைப்புக்கு எடுக்க வேண்டாம் என்று ஆசிரியருக்கு ஒரு வரிக் குறிப்போடு அனுப்பினேன்.